வேணுமா, வேணாமா?

ஆவாரம்பாளையத்துப் பம்ப் பட்டறை ஒன்றின் சூப்பர்வைசர், ஓடிக்கொண்டிருந்த லேத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே ஐம்பது நொடி பேசி அனுப்பிய குரல் குறிப்பு இது. கைப்பேசியின் எழுத்தாக்கச் செயலி அதை இப்படி மாற்றித் தந்தது. ஒரு எழுத்தையும் நான் திருத்தவில்லை.

“தம்பி அந்த ஒரு எச்பி சாப்ட் நேத்து ஓட்டுனது பேரிங் லூசா போகுது இருபதுல முடிச்சிராதீங்க இருபதுக்கு மேல ஒரு 10 15 இருக்கணும் நம்ப டைட்டு ஆனா அடிச்சு ஏத்துவானுங்க அது கூடாது வெர்னியர்ல பாக்காதீங்க மைக்ரோமீட்டர் போடுங்க சூட்டோட அளக்காதீங்க அப்புறம் அந்தப் பையன் வெளிய புடிச்சு அமுக்கறான் ஓட்டம் போயிரும் உள்ள அமுக்கணும் வாசர் பேன் பக்கம் போட்டுருங்க பெருசுக்கு அது வேணும் ஒருக்கா கையில சுத்திப் பாத்துட்டு அனுப்புங்க”

இதைச் சுவரில் ஒட்டும் ஒரு பக்கத் தாளாக்கித் தர வேண்டும். இரண்டு ஷிப்டிலும் சேர்த்து ஒன்பது பேர் அதைப் பார்த்து வேலை செய்யப் போகிறார்கள். அவர்களில் மூன்று பேர் ஒடிசாக்காரர்கள். தமிழ் பேசுவார்கள், படிப்பது சிரமம். கமா போட்டு, வாக்கியங்களைப் பிரித்து, ‘சாப்ட்’டை ‘ஷாஃப்ட்’ ஆக்கினால் முடிந்துவிடும் வேலை போலத் தெரியும். முதன்முதலில் நானும் அப்படித்தான் செய்தேன். தாள் பார்க்க அழகாக இருந்தது. அதன்படி செய்திருந்தால் அன்றைய பம்புகள் எல்லாம் திரும்பி வந்திருக்கும்.

அதற்குக் காரணம், மேலே உள்ள குறிப்பின் கடைசிக்கு முந்தைய வரி. பெரிய பேரிங்குக்கு வாஷர் ‘வேணும்’ என்கிறது எழுத்து. அவர் சொன்னது ‘வேணாம்’.

பேச்சுத் தமிழில் சொல்லின் கடைசியில் வரும் ‘ம்’ பெரும்பாலும் உதடு மூடி ஒலிப்பதில்லை. முன்னால் இருக்கும் உயிரெழுத்தை மூக்கொலியாக்கிவிட்டுக் கரைந்துவிடும். ‘வேணும்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டாமலே சொல்லி முடித்திருப்பீர்கள். ஆக ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டுக்கும் இடையே மிஞ்சி நிற்கும் வித்தியாசம், மூக்கால் ஒலிக்கும் ஒரு உகரமா, ஆகாரமா என்பது மட்டும்தான். அமைதியான அறையில் நம் காதுக்கு அது போதும். ஆனால் தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆமா, இல்லை என்பதும் அந்த வினையின் கடைசி அசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூச்சு தீரும் இடமும் அதுதான். பேசும்போது குரலின் சத்தமும் சுருதியும் வாக்கிய முடிவை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். லேத்தின் இரைச்சல் இறங்குவதில்லை. அதனால், எந்த அசை தலைகீழ்ப் பொருளைத் தருமோ அதுதான் இரைச்சலுக்குள் முதலில் மூழ்கும் அசை. அப்போது இயந்திரம், காதில் விழாததை வழக்கமாக எது வரும் என்ற கணக்கால் நிரப்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு முன்னாலேயே வந்துவிடும். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

எனவே என் முதல் வேலை, எழுத்தைத் திருத்துவது அல்ல. வேணும், வேணாம், கூடாது, போடு, போடாதே என்று முடியும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டு, அந்த இடங்களை மட்டும் ஒலியில் மறுபடி கேட்பது. இந்த ஐம்பது நொடிக் குறிப்பில் அப்படிப் பத்து இடம் வரும். கேட்டும் சந்தேகம் தீராவிட்டால், அந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்று யோசித்தால் பாதி தெளிந்துவிடும்.

இந்த வாஷரையே எடுத்துக்கொள்வோம். இது தட்டை வாஷர் அல்ல, அலை அலையாக நெளிந்திருக்கும் வேவ் வாஷர். அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். இந்த மோனோபிளாக் பம்பில் ஷாஃப்டை இரண்டு பேரிங் தாங்குகின்றன. இம்பெல்லர் பக்கம் இருப்பது 6204, இதன் உள்துளை 20 மில்லிமீட்டர். இதுதான் அவர் சொன்ன ‘பெருசு’. ஃபேன் பக்கம் இருப்பது 6203, உள்துளை 17. இம்பெல்லர் பக்கத்துப் பேரிங் தன் இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். ஏனென்றால் இம்பெல்லருக்கும் கேஸிங்குக்கும் நடுவே இருக்கும் சின்ன இடைவெளியைக் காப்பது அதுதான். ஃபேன் பக்கம் வேவ் வாஷர் போட்டால் அது ஷாஃப்டை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்து, பேரிங்கின் ஆட்டத்தையும் சத்தத்தையும் குறைக்கும். இரண்டு பக்கமும் போட்டால் ஷாஃப்ட் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மிதக்கும். தண்ணீரின் அழுத்தம் வந்ததும் நகர்ந்து, இம்பெல்லர் கேஸிங்கில் உரசும். ஆகவே ‘வேணும்’ என்பது சரியாக இருக்க வழியே இல்லை. இந்த யோசனை ஓடாத ஆள் எழுத்தை அப்படியே நம்பித் தாள் அடித்துவிடுவார்.

‘நம்ப டைட்டு’ என்று இருப்பதைப் பாருங்கள். அவர் சொன்னது ‘நெம்ப டைட்டு’. ரொம்ப என்பதற்கு நம் பக்கத்துச் சொல். செய்தி வாசிப்பும் எழுத்துத் தமிழும் நிறையக் கேட்டு வளர்ந்த செயலிக்கு ‘நெம்ப’ பழக்கமில்லை. தனக்குத் தெரிந்த ‘நம்ப’வில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. இந்த மாதிரிப் பிழைகள் எனக்குப் பெரிய கவலை தருவதில்லை. வாக்கியம் கோணலாக நிற்பதால் கண்ணில் பட்டுவிடும். ‘வேணும்’ மாதிரி, ஒழுங்கான வாக்கியமாக வந்து நிற்கும் பிழைதான் ஆபத்து.

அடுத்தது எண்கள். ‘இருபதுக்கு மேல ஒரு 10 15’. பத்து என்ன? பட்டறைக்குள் யாரும் கேட்க மாட்டார்கள், மைக்ரான் என்று எல்லோருக்கும் தெரியும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் முதல் வாரம் வேலைக்கு வந்த பையன் அதை 20.10, 20.15 என்று எடுத்துக்கொள்ளலாம்; அந்தத் தடிப்பில் பேரிங் ஏறவே ஏறாது. நம் ஊரில் அளவுப் பேச்சு ஒரு கதம்பம். தச்சு வேலையிலிருந்து வந்தவர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ‘ஒரு நூல்’ என்பார். பழைய டர்னர் ‘தௌ’ என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சொல்வார், அது சுமார் 25 மைக்ரான். ‘பாயிண்ட்’ என்ற சொல்லுக்குப் பட்டறைக்குப் பட்டறை பொருள் மாறும். ஆகவே தாளில் ‘மேல இவ்வளவு’ என்ற கணக்கே வரக்கூடாது. கருவியின் திரையில் தெரிய வேண்டிய முழு எண் அப்படியே வர வேண்டும்.

அதை எழுதப் போனால் இன்னொரு முடிச்சு. ‘பத்து பதினஞ்சு’ என்பது தமிழில் இரண்டு வேலை செய்யும். ‘பத்துப் பதினஞ்சு பேர் வந்தாங்க’ என்றால் குத்துமதிப்பு. ‘பத்திலிருந்து பதினைந்து வரை’ என்றால் எல்லை. டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். 20 k6 என்று போட்டிருந்தது. அட்டவணைப்படி அதன் பொருள் 20.002-இலிருந்து 20.015 வரை. மேல் எல்லை அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது, கீழ் எல்லை ஒத்துப்போகவில்லை. அவர் குத்துமதிப்பாகச் சொன்னாரா, வேண்டுமென்றே எல்லையை இறுக்கினாரா?

போன் போட்டுக் கேட்டேன். இங்கே கேட்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “அண்ணா, 20.010-லிருந்து 20.015 வரைக்கும், சரிங்களா?” என்று கேட்டால், வேலை நடுவே இருக்கிறவர் “ஆமா ஆமா” என்றுதான் சொல்வார். எதைச் சொன்னாலும் அதையே சொல்வார். நான் கேட்டது: “20.005 வந்தா அந்த ஷாஃப்டை என்னங்கண்ணா பண்றது?”

“அதத் தனியா வெச்சிருங்க தம்பி. டிராயிங்ல பாஸ்தான். ஆனா நம்ம பினிஷிங் கொஞ்சம் சொரசொரப்பு. பேரிங் ஏறறப்ப மேடெல்லாம் மழுங்கிரும், அப்புறம் பிடிப்பு இருக்காதுங்க.”

ஆக அது எல்லைதான், குத்துமதிப்பு அல்ல. கடைசல் பிடித்த பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மைக்ரோமீட்டரின் தாடை அளப்பது மேடுகளின் உச்சியை. பேரிங்கை ஏற்றும்போது உச்சிகள் நசுங்கி, ஷாஃப்ட் அளந்ததைவிடச் சில மைக்ரான் மெலிந்துவிடும். அதற்காகத்தான் அவர் மேல் பாதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். இந்தக் காரணம் குரல் குறிப்பில் இல்லை, டிராயிங்கிலும் இல்லை. அவர் கையில் மட்டும் இருந்தது.

‘இருபதுல முடிச்சிராதீங்க’ என்றதற்கும் காரணம் கேட்டுக்கொண்டேன். முந்தின நாள் ஓட்டிய ஷாஃப்டுகளில் சில லூஸ், சில டைட் என்பதுதான் ஆட்களைக் குழப்பியிருந்தது. எல்லாம் ஒரே 20.000 அளவு, அப்புறம் ஏன் வித்தியாசம்? பேரிங்கின் துளையும் துல்லியமாக 20 அல்ல. சாதாரண வகுப்புப் பேரிங்கில் 20 மில்லிமீட்டர் துளை 20.000-க்கு மேல் போகாது, ஆனால் 10 மைக்ரான் வரை குறையலாம். துளை 19.992 உள்ள பேரிங் கிடைத்தால் எட்டு மைக்ரான் இறுக்கம், 20.000 உள்ளது கிடைத்தால் இறுக்கமே இல்லை. பேரிங்கின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் பம்ப் பிழைக்கும். லூஸாக உட்கார்ந்த உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல மெல்ல வழுக்கிச் சுற்றி, ஷாஃப்டைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடும். பிரித்துப் பார்க்கும்போது அந்தப் பளபளப்பைப் பார்த்தே, இது அளவில் வந்த கோளாறு என்று சொல்லிவிடலாம்.

‘வெர்னியர்ல பாக்காதீங்க’ என்பதற்குக் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். சாதாரண வெர்னியர் காலிப்பரின் மிகச் சிறிய அளவு 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரான். டிராயிங் தரும் மொத்த இடமே 13 மைக்ரான்தான். படியால் அளந்து குன்றிமணி எடை சொல்வது போல. ஆனால் ‘மைக்ரோமீட்டர் போடுங்க’ என்பதிலும் ஓட்டை இருக்கிறது. அந்தப் பட்டறையில் இரண்டு மைக்ரோமீட்டர்கள் உண்டு: ஒன்று 0.01 வரை காட்டும், இன்னொன்று 0.001 வரை காட்டும் டிஜிட்டல். அவர் மனதில் இருந்தது இரண்டாவது. அது அவருடைய மேஜை டிராயரில், பூட்டில் இருந்தது. தாளில் ‘டிஜிட்டல் மைக்ரோமீட்டரால் அளக்கவும்’ என்று எழுதுவதற்கு முன்னால் அந்தச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இனி, எனக்குப் பிடித்த வாக்கியம்: ‘சூட்டோட அளக்காதீங்க’. கேட்டால் ஏதோ மரபுப் பழக்கம் போல இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃகு ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் சுமார் 11.5 பங்கு விரிகிறது. லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஷாஃப்ட், அறையைவிட 30 டிகிரி சூடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் தடிப்புக்கு விரிவு ஏறக்குறைய 7 மைக்ரான். சூட்டில் 20.012 என்று காட்டும், எல்லைக்கு நடுவில் ஜம்மென்று நிற்கும், ஆபரேட்டரும் பாஸ் போட்டு வைப்பார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது 20.005. எந்த ஷாஃப்டைத் தனியாக வைக்கச் சொன்னாரோ அது, பாஸ் ஆனவற்றோடு கலந்து கிடக்கும். பிறகு அளந்து பார்த்தவர், “அவன் அளக்கவே இல்லை” என்று திட்டுவார். அவன் அளந்தான்தான்.

காரணங்களைத் தாளில் எழுத வேண்டுமா என்பதில் எனக்கும் சூப்பர்வைசருக்கும் சின்னத் தகராறு. “அதெல்லாம் எதுக்குங்க, செய்யின்னா செய்யட்டும்” என்றார். பாதி ஒத்துக்கொண்டேன். 1940-இல் அமெரிக்காவில் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்று ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான புதிய ஆட்களைச் சீக்கிரம் பழக்க வேண்டிய நெருக்கடி. அவர்கள் ஒரு வேலையைத் தாளில் இறக்கும்போது இரண்டு பத்தி போட்டார்கள். இடது பக்கம் படி: என்ன செய்கிறோம். வலது பக்கம் சூட்சுமம்: எதைத் தவறவிட்டால் பொருள் கெடும், ஆளுக்கு அடிபடும், எந்தக் கைவாகு வேலையைச் சுலபமாக்கும். பின்னால் வந்தவர்கள் அதோடு ‘ஏன்’ என்று மூன்றாவது பத்தியும் சேர்த்தார்கள். இந்தக் கண்ணோடு குரல் குறிப்பைத் திரும்பப் பாருங்கள். அதில் படிகளே இல்லை, எல்லாம் சூட்சுமம். படிகள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவர் அவற்றைச் சொல்லவே இல்லை. தவறு நடக்கிற இடங்களை மட்டும் சொன்னார். கம்பெனி தரும் அச்சடித்த கையேட்டில் இதற்கு நேர்மாறு: படி எல்லாம் இருக்கும், சூட்சுமம் இருக்காது. தாள் எழுதுகிறவன் இரண்டையும் கோத்தாக வேண்டும்.

காரணத்தை ஓர் இடத்தில் மட்டும் விடாப்பிடியாக வைத்தேன். ‘வெளிய புடிச்சு அமுக்கறான், உள்ள அமுக்கணும்’ என்ற இடம். எதன் வெளியே, எதன் உள்ளே? அவர் பேசும்போது கையில் பேரிங் இருந்தது. விரலால் காட்டியிருப்பார், விரல் ஒலியில் பதியவில்லை. பேரிங்கில் வெளிவளையம், உள்வளையம், நடுவே எஃகுக் குண்டுகள். ஷாஃப்டில் இறுகுவது உள்வளையம். வெளிவளையத்தைப் பிடித்து அழுத்தினால் அழுத்தம் குண்டுகள் வழியாகத்தான் உள்ளே போய்ச் சேரும். ஒவ்வொரு குண்டும் தான் உட்கார்ந்திருக்கும் பாதையில் ஒரு குழி போட்டுவிடும். குழி கண்ணுக்குத் தெரியாது, பேரிங் புதுசு போலவே இருக்கும். ஓட்டினால் கரகரப்பாகச் சத்தம் வரும், பிறகு பிரித்தால் குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் குழி தெரியும். ‘ஓட்டம் போயிரும்’ என்று அவர் மூன்று நொடியில் சொன்னது இதைத்தான். இந்தத் தவறு உடனே தெரியாமல் பதினைந்து நாள் கழித்துத் தெரிவதால், காரணம் தெரியாதவன் இதைத் தவறு என்றே நம்ப மாட்டான்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. ‘சுழல்தண்டு’, ‘தாங்கி’ என்று எழுதினால் படிக்கத் தெரிந்தவருக்கும் புரியாது. ‘போட்டுருங்க’ என்று பேச்சையே எழுத்தாக்கினால் வாசிப்பு தடுக்கும். எழுத்தில் கண் அதற்குப் பழகவில்லை. பட்டறைச் சொல்லும் எழுத்து இலக்கணமும் சேர்ந்த கலவைதான் சரிவருகிறது. ‘பேரிங்கை அழுத்தவும்’ என்பது மாதிரி. இந்த ‘-வும்’ முடிவில் நீ, நீங்கள் என்ற வம்பு இல்லை. சின்னவரும் பெரியவரும் ஒரே தாளைப் படிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘கழற்றவும் மாட்டவும் 17 ஸ்பேனர்’ என்று எழுதினால் அது கட்டளையா, ‘கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும்’ என்ற பொருளா என்று இரட்டுற நிற்கும். ஒரு வரியில் ஒரு வினை இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

இப்படித் தயாரான தாள்:

1 எச்.பி. மோனோபிளாக்: ஷாஃப்டில் பேரிங் ஏற்றுதல்

1. லேத்திலிருந்து இறக்கிய ஷாஃப்டை ஆற விடவும்.
2. இம்பெல்லர் பக்கத்துப் பேரிங் சீட்டை டிஜிட்டல் மைக்ரோமீட்டரால் (0.001) அளக்கவும். வெர்னியரால் அளக்கக் கூடாது.
3. 20.010 முதல் 20.015 வரை: சரி. குறைந்தாலும் கூடினாலும் சிவப்பு டிரேயில் வைக்கவும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது.
4. 6204 பேரிங்கை வைத்து, பைப் துண்டை உள்வளையத்தின் மேல் மட்டும் வைத்து, பிரஸ்ஸில் அழுத்தவும். (வெளிவளையத்தில் அழுத்தினால் குண்டு உள்ளே குழி போடும், பம்ப் சத்தம் போடும்.)
5. வேவ் வாஷர்: ஃபேன் பக்கம் 1. இம்பெல்லர் பக்கம் 0.
6. மூடியபின் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்கவும். பிடித்தாலோ கரகரத்தாலோ அனுப்பக் கூடாது.

ஐந்தாவது வரியில் வேணும், வேணாம் இரண்டுமே இல்லை. 1, 0 என்ற எண்கள் மட்டும்தான். தமிழ் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கும் அது படும். நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஒரு படம் வரைந்து ஒட்டினோம். பைப் துண்டையும் லேத்திலேயே கடைந்துவைத்தார்கள்: உள்விட்டம் 21, வெளிவிட்டம் 26. அதை வைத்தால் வெளிவளையத்தைத் தொடவே முடியாது. உண்மையில் தாளைவிட அந்தத் துண்டு நல்ல அறிவுரை.

சோதனை ஒன்று பாக்கி இருந்தது. அந்த வாரம் சேர்ந்த ஹெல்ப்பர் தம்பியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, நானும் சூப்பர்வைசரும் பேசாமல் நின்றோம். அவர் வாய் திறந்து விளக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. தம்பி முதல் வரியிலேயே நின்றான். ஷாஃப்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

“ஆற விடவும்னா எவ்வளவு நேரங்கண்ணா?”

“கை வெச்சாத் தெரியுமப்பா” என்று ஒப்பந்தத்தை மீறினார் சூப்பர்வைசர்.

அவருக்குத் தெரியும், இருபது வருஷக் கை. தம்பிக்குக் கையில் பட்டது எல்லாம் இரும்பு, அவ்வளவுதான். நிமிஷக் கணக்கு எழுதலாம் என்றால், மார்கழிக் காலையும் சித்திரை மத்தியானமும் ஒன்றல்ல. அவரே சிறிது யோசித்தார். ராக்கில் முந்தின நாளிலிருந்து கிடந்த ஒரு ஷாஃப்டை எடுத்துவந்து மைக்ரோமீட்டர் பக்கத்தில் வைத்தார். ஒரு கையில் இது, மறு கையில் அது. “ரெண்டும் ஒரே மாதிரி சில்லுன்னு இருந்தா அள. இல்லையின்னா வெச்சிரு.”

முதல் வரியை அடித்துவிட்டு அதை வைத்துப் புதுத் தாள் எழுதினேன், கீழே தேதி போட்டேன். பழைய தாளைக் கிழித்து எண்ணெய்த் துணிக் கூடையில் போட்டதை அவரே பார்த்து உறுதி செய்துகொண்டார். அந்த ராக்கு ஷாஃப்டில் யாரோ பிறகு மஞ்சள் பெயின்ட் அடித்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.